குற்றாலம் போய்வந்த காருக்கு எவ்வளவு செலவு?

தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை வட்டாரத்தில் ஒரு சின்னக் காரைச் சுத்தம் செய்ய என்ன ஆகும் என்று விசாரித்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தொகைகள் காதில் விழும். வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் 300 முதல் 500 ரூபாய். உள்பக்கம் முழுக்கச் சுத்தம் செய்ய 1,500 முதல் 3,000 ரூபாய். பாலிஷ் போட்டு செராமிக் கோட்டிங் அடிக்க 12,000-இல் தொடங்கி 30,000 வரை. தென் மாவட்டச் சிறு நகரங்களில் பொதுவாகக் கேட்கும் வீச்சு இது. காரின் அளவும் கடையும் மாறும்போது ஏறும், இறங்கும். விலைப் பலகையில் இந்தத் தொகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருப்பதால், மேலே உள்ளது மட்டம், கீழே உள்ளது உசத்தி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேறு வேலை. முதலாவதைத் தப்பாகச் செய்தால் மூன்றாவதுக்குக் கொடுத்த பணம் சில மாதங்களில் கரைந்துபோகும்.

காரின் பெயிண்ட் என்று நாம் சொல்வது பல அடுக்குகள் கொண்டது. தகரத்தின் மேல் துரு தடுக்கும் அடுக்கு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட். கம்பெனியிலிருந்து வரும்போது மொத்தக் கனம் சுமார் 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதை நினைத்துப் பார்த்தால், பளபளப்பு, நிறம் மங்காமை, வெயில் தாங்குவது எல்லாம் ஒரு முடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை நம்பியிருப்பது புரியும். அந்தப் படலம் தேய்ந்தால் திரும்ப வளராது. கழுவுவது, பாலிஷ் செய்வது, கோட்டிங் அடிப்பது மூன்றையும் இந்த 50 மைக்ரானில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்த்துத்தான் ஒப்பிட வேண்டும்.

தென்காசியில் அந்தப் படலத்துக்கு முதல் எதிரி தூசிதான். செங்கோட்டைக் கணவாய் வழியாக வைகாசி முதல் ஆவணி வரை அடிக்கும் மேற்குக் காற்று சாரலோடு புழுதியையும் கொண்டுவந்து கொட்டுகிறது. புளியரை வழியாகக் கேரளாவுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் லாரிகளின் பின்னால் நாலு கிலோமீட்டர் போனாலே பானெட்டில் வெள்ளைப் பொடி படிந்துவிடும். எம்-சாண்ட் என்பது பாறையை இயந்திரத்தில் உடைத்துச் செய்த மணல். ஆற்று மணல்போல உருண்டு தேய்ந்தது அல்ல, ஒவ்வொரு துகளுக்கும் கூர்முனை உண்டு. அதில் இருக்கும் குவார்ட்ஸ், கனிமங்களின் கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. கண்ணாடி ஐந்தரை. கிளியர் கோட் இரண்டையும்விட எவ்வளவோ மென்மையானது.

ஆகவே தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பதுதான் ஆகப் பெரிய கெடுதல். அடுத்தது, வாட்டர் சர்வீஸில் சரியாக நனையாமல் தேய்ப்பது. 300 ரூபாய் வாஷ் பெரும்பாலும் இப்படி நடக்கும்: பிரஷர் மெஷினில் தண்ணீர் அடித்து மேலோட்டமாக மண்ணை இறக்குவார்கள், வாளியில் சோப்பு ஆயில் கரைத்து ஸ்பாஞ்சால் கூரை முதல் சக்கரம் வரை தேய்ப்பார்கள், மறுபடி தண்ணீர் அடித்து, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்துவிடுவார்கள். அரை மணி நேரம், ஒரு ஆள். குறை அந்த ஆளிடம் இல்லை, அவருக்குக் கொடுத்த அரை மணி நேரத்தில் இருக்கிறது. சக்கரத்தைத் தேய்த்த ஸ்பாஞ்சு அதே வாளிக்குள் முங்கி அடுத்த காரின் பானெட்டுக்குப் போகும்போது, உள்ளே சிக்கிய மணல் உப்புத்தாள்போல வேலை செய்கிறது. பனியன் வேஸ்டில் தையல் ஓரமும் முந்தைய காரின் கிரீஸும் இருக்கும்.

இதன் விளைவைப் பகலில் பார்க்க முடியாது. இருட்டில் போன் டார்ச்சைப் பானெட்டுக்கு நேரே பிடித்தால், வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்டவட்டமாகக் கீறல்கள் தெரியும். கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் குறுக்கே இருப்பவை மட்டும் பளிச்சிடுவதால் வட்டமாகத் தோன்றுகிறது. கறுப்பு, கருநீலம், சிவப்பு நிறக் கார்களில் இது சீக்கிரம் கண்ணில் படும். வெள்ளைக் காரில் கீறல் இல்லாமல் இல்லை, தெரிவதில்லை, அவ்வளவுதான்.

700 முதல் 1,000 ரூபாய் வாங்கும் ஃபோம் வாஷில் கூடுதலாக என்ன கிடைக்கிறது? நல்ல கடையாக இருந்தால் நேரம் கிடைக்கிறது. கை படாமலே காரின்மேல் நுரையடித்து மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிடுவார்கள். ஷாம்புவில் உள்ள பரப்பு இழுவிசை குறைக்கும் மூலக்கூறுகள் மண்துகளுக்கும் பெயிண்டுக்கும் இடையே புகுந்து பிடியைத் தளர்த்துகின்றன. நுரை வழியும்போது மண்ணில் பெரும்பகுதியும் வழிந்துவிடும். அதற்குப் பிறகே கையுறை. அதிலும் இரண்டு வாளி, ஒன்று ஷாம்புத் தண்ணீர், மற்றது கையுறையை அலச வெறும் தண்ணீர். கூரையில் தொடங்கி கீழே இறங்கி, கதவின் அடிப்பாகத்துக்கும் சக்கரத்துக்கும் வேறு கையுறை. கடைசியில் தடித்த மைக்ரோஃபைபர் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. இதற்கு ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆனி, ஆடிக் காற்றில் வெட்டவெளியில் நுரையடித்தால் இரண்டு நிமிடத்தில் காய்ந்து கறையாகிவிடும், ஆகவே கொட்டகைக்குள் செய்யும் கடையே மேல். நுரை அடித்துவிட்டு, அடுத்த நிமிடமே பழைய ஸ்பாஞ்சை எடுத்தால் அது 300 ரூபாய் வாஷேதான், ஃபோம் வாஷ் என்ற பெயரில் 700 வாங்கினாலும்.

சோப்பு ஆயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எண்ணெயும் காரமும் சேர்த்துச் செய்த திரவ சோப்பு அது. மலிவு, கிரீஸை நன்றாகப் போக்கும், லாரிக்கும் டிராக்டருக்கும் பொருத்தம். உப்புத் தண்ணீரில் அதன் குணம் மாறிவிடும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுபிசுப்பாக மாறிப் பெயிண்டில் படியும். போர் தண்ணீரில் குளித்தால் பக்கெட் ஓரத்தில் ஒட்டும் வெள்ளைப் படலம் அதுதான். அத்தோடு சோப்பு ஆயிலின் காரத்தன்மை காரின்மேல் இருக்கும் மெழுகையும் உரித்துக்கொண்டு போகும். கார் ஷாம்பு செயற்கைச் சலவைப்பொருளால் ஆனது, காரமும் அமிலமும் இல்லாத நடுநிலையில் இருக்கும், உப்புத் தண்ணீரிலும் நுரைக்கும். ஒரு காருக்குச் சில பத்து ரூபாய்தான் வித்தியாசம்.

தண்ணீரே இங்கே ஒரு பெரிய விஷயம். அருவியில் விழுவது மலைக்காட்டுத் தண்ணீர், உப்பு குறைவு. வாட்டர் சர்வீஸில் பாய்வது பெரும்பாலும் போர் தண்ணீர், பாறை இடுக்கில் தங்கித் தாதுக்களைக் கரைத்துக்கொண்டு வருவது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. நடுவே 1,000 என்று வைத்துக்கொள்வோம். துடைக்காமல் விட்ட காரில் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி தண்ணீர் தங்கினால், காய்ந்தபின் 200 மில்லிகிராம் உப்பு காரின்மேல் மிஞ்சும். ஒவ்வொரு சொட்டும் ஓரத்தில் முதலில் காய்வதால் அது வட்டமான வெள்ளைக் கறையாக நிற்கும். புதிதாக இருக்கும்போது நீர் கலந்த வினிகர் தொட்டுத் துடைத்துக் கழுவினால் சுண்ணாம்பு கரைந்துவிடும். சித்திரை வெயிலில் பலமுறை சுட்டபின், அடியில் கிளியர் கோட்டிலேயே பள்ளம் விழுந்திருக்கும். அப்புறம் பாலிஷ்தான் வழி. டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கழுவக் கொடுக்கும் முன் கடையின் குழாய்த் தண்ணீரை ஒருமுறை அளந்து பார்ப்பது எந்த விளம்பரத்தையும்விடப் பயனுள்ளது.

இனி உள்பக்கம். குற்றாலத்துக்கு வந்துபோகும் காருக்கென்றே ஒரு நோய் உண்டு, அதற்குக் காரணம் ஈரமும் எண்ணெயும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பது குற்றாலத்தின் பழைய பழக்கம். அருவியில் எண்ணெய்க்கும் சோப்புக்கும் தடை இருந்தாலும், தலையிலும் உடம்பிலும் எண்ணெயோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். குளித்துவிட்டு ஈரத் துணியோடு, துண்டை விரித்து, துணி சீட்டில் உட்கார்ந்து விடுதிக்குப் போவார்கள். ஐந்தருவி, பேரருவி, பழைய குற்றாலம் என்று ஒரு நாளில் மூன்று முறை ஏறி இறங்கினால் சீட்டின் ஃபோம் வரை நனைந்துவிடும். நல்லெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதி ஒலியிக்கும் லினோலியிக்கும். இவை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்லச் சேர்ந்து சிக்கு வாடையும் ஒட்டும் பிசினுமாக மாறும். ஒரு வாரத்தில் சோப்புத் தண்ணீருக்குப் போகும் எண்ணெய், இரண்டு மாதம் கழித்துப் போகாது.

உள்பக்கச் சுத்தத்தில் 800 ரூபாய்க்கும் 2,500 ரூபாய்க்கும் இடையேயான வேறுபாடு இங்கேதான் தெரியும். 800 ரூபாய் வேலையில் வேக்குவம் பிடித்து, சீட்டில் நுரைக் கிளீனர் தெளித்து, பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, டாஷ்போர்டில் பளபளப்பு பூசிக் கொடுப்பார்கள். ஒரு மணி நேரத்தில் கார் புதிதுபோல இருக்கும். மூன்றாம் நாள் அதே இடத்தில் கறை மறுபடி எழும்பும். நுரையில் கரைந்த எண்ணெயில் பாதி துணிக்கு வந்தது, மீதி ஃபோமுக்குள் இறங்கியது. ஈரம் மேல்பரப்பில் காயக் காய, கீழே இருக்கும் தண்ணீர் நூலிழைகள் வழியாக மேலேறி, தன்னோடு அழுக்கையும் கொண்டுவந்து விட்டுவிட்டு ஆவியாகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதே விசையால்தான்.

2,500 ரூபாய் வேலையில் எக்ஸ்ட்ராக்ஷன் மெஷின் இருக்க வேண்டும். முதலில் உலர் வேக்குவம். பிறகு காரத்தன்மையுள்ள கிளீனரைப் பத்துக்கு ஒன்றாக நீர்த்துத் தெளித்து, மென்மையான பிரஷால் தேய்த்து, காயவிடாமல் ஐந்து நிமிடம் ஊறவைப்பது. எண்ணெயைச் சின்னச் சின்ன உருண்டைகளாகச் சூழ்ந்து பிரிக்க மூலக்கூறுகளுக்கு அந்த நேரம் தேவை. அடுத்து மெஷின் வெந்நீரைத் தெளித்த அதே நொடியில் உறிஞ்சி எடுக்கும். தொட்டியில் வரும் தண்ணீர் காப்பி நிறத்திலிருந்து தெளியும்வரை இரண்டு மூன்று முறை. சீட்டுக்கு மட்டும் இரண்டு மணி நேரம், தரைக் கார்ப்பெட், கூரைத் துணி, கதவுப் பட்டை எல்லாம் சேர்த்து நாலு ஐந்து மணி நேரம் ஆகும். லெதரெட் சீட்டானால் வேலை பாதிதான், தையலிலும் துளையிலும் மட்டும் கவனம் வேண்டும்.

இத்தனையும் செய்துவிட்டுக் காயவைக்காமல் கொடுத்தால் முன்பைவிடக் கேடு. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டிய மூடிய இடத்தில், துணியில் பூஞ்சை பிடிக்க ஓரிரு நாள் போதும். சீசனில் குற்றாலத்தின் வெளிக்காற்றே அப்படித்தான் இருக்கிறது. அங்கே கதவைத் திறந்துவைத்தால் மட்டும் சீட் காயாது, புளோயர் வைத்து உலர்த்த வேண்டும். காரைத் திரும்ப வாங்கும்போது வெள்ளைத் துணி ஒன்றைச் சீட்டில் முழங்கையால் அழுத்திப் பாருங்கள், ஈரம் ஏறினால் இன்னும் காயவில்லை. ரப்பர் மேட்டைத் தூக்கி, அடியிலுள்ள கார்ப்பெட்டையும் அதன்கீழே இருக்கும் பஞ்சு அடுக்கையும் தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் தண்ணீர் நிற்கும். இன்னும் நம்பகமான சோதனை மறுநாள் காலையில்: கண்ணாடியை ஏற்றிப் பூட்டிய காரில் உள்பக்கக் கண்ணாடி பனி படிந்திருந்தால், எங்கோ ஈரம் மிச்சம் இருக்கிறது.

வாடைக்கு சென்ட் தெளிப்பதை நான் ஏற்கமாட்டேன். காரின் முடை வாடை பூஞ்சையும் பாக்டீரியாவும் விடும் வாயுக்களால் வருவது, மூலம் இருக்கும்வரை அது திரும்பும். ஏ.சி. காயிலிலும் அதே பூஞ்சை வளரும். வீட்டுக்கு வந்துசேர்வதற்கு ஐந்து நிமிடம் முன்பு ஏ.சி.யை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிட்டால் காயிலில் நிற்கும் தண்ணீர் காய்ந்துவிடும். இதற்குச் செலவில்லை.

இப்போது கோட்டிங். இதில் விலை வித்தியாசம் பெரிது, மயக்கமும் பெரிது. பழையது மெழுகு. நல்ல மெழுகில் இருப்பது கார்னோபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் இலையில் சுரப்பது. அது உருகுவது 82 டிகிரிக்கு மேலே. நம் ஊர் வெயிலில் கறுப்புக் காரின் தகரம் 70 டிகிரியைத் தாண்டும். உருகாவிட்டாலும் இளகும், தூசியைப் பிடித்துக்கொள்ளும், ஷாம்புவில் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். ஒன்று முதல் இரண்டு மாதம் தாங்கினால் அதிகம். கையால் பூசித் துடைக்க ஒரு மணி நேரம், 600 முதல் 1,000 ரூபாய். அதற்கு அடுத்தது செயற்கைப் பாலிமர் சீலன்ட். 1,200 முதல் 2,000 ரூபாய், இரண்டு மணி நேரம், நாலு மாதம் வரை தாங்கும்.

டெஃப்லான் கோட்டிங் என்று 3,000 முதல் 6,000 ரூபாய் வரை வாங்குகிறார்கள். தோசைக்கல்லில் டெஃப்லான் ஒட்டுவது அதை உருகும் நிலைக்குச் சூடாக்குவதால். அது உருகுவது 327 டிகிரியில். அந்தச் சூட்டைக் காரின் பெயிண்ட் தாங்காது. ஆகவே காரில் பூசும் பொருளில் அந்தத் துகள் இருந்தாலும் அது மெழுகிலோ பாலிமரிலோ கலந்து நிற்கிறதே தவிர, தோசைக்கல்லில்போலப் பிடிப்பதில்லை. ஆயுளும் சீலன்டைவிடக் கொஞ்சம்தான் கூடுதல், ஐந்தாறு மாதம். இந்தப் பெயருக்காக இரட்டிப்பு விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

செராமிக் கோட்டிங் வேறு வகை. சிலிக்கன் சேர்ந்த மூலக்கூறுகள் கரைப்பானில் கரைந்திருக்கும். பூசியதும் கரைப்பான் பறந்துபோக, மூலக்கூறுகள் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து ஒன்றோடொன்று பின்னிக் கண்ணாடிக்கு நெருக்கமான வலையாகி, கிளியர் கோட்டைப் பிடித்துக்கொள்கின்றன. ஷாம்பு அதைக் கரைக்காது. அதனால் ஒன்றரை முதல் மூன்று ஆண்டு தாங்குகிறது. ஆனால் அது எவ்வளவு மெல்லியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சின்னக் காரின் வெளிப்பரப்பு சுமார் 10 சதுர மீட்டர் என்று கொள்வோம். ஒரு பாட்டில் 30 மில்லி. முழுப் பாட்டிலையும் சொட்டு வீணாகாமல் பரப்பினாலும் கனம் 3 மைக்ரான்தான் வரும். அதில் கரைப்பான் பறந்துவிடும், கொஞ்சம் பூசும் துணியில் தங்கும், கொஞ்சம் துடைத்து எடுக்கப்படும். மிஞ்சுவது ஒரு மைக்ரானை ஒட்டியே இருக்கும். ஜல்லித் துண்டு தெறித்தால் தடுக்கும் கனம் அல்ல இது.

பாட்டிலில் எழுதியிருக்கும் 9 எச் என்ற கடினத்தன்மையும் பென்சில் அளவு. பென்சில்களை வரிசையாகப் பெயிண்டில் தள்ளி, எது கீறுகிறது என்று பார்க்கும் சோதனை அது. 9 எச் பென்சில் கீறவில்லை என்றால் பென்சில் கீறவில்லை என்றுதான் பொருள். புளியரைச் சாலையின் குவார்ட்ஸ் துகளுக்கு முன் அது நிற்காது. செராமிக் உண்மையில் தருவது வேறு: அழுக்கு எளிதில் கழுவிப்போகும், பறவை எச்சமும் மரப்பிசினும் கிளியர் கோட்டை நேரடியாகத் தொடுவதற்குள் துடைக்க அவகாசம் கிடைக்கும், ஷாம்புவிலும் மழையிலும் கரையாது. தண்ணீர் முத்து முத்தாக நிற்கும் அழகுக்கு ஒரு பாதகமும் உண்டு. முத்தாக நின்ற உப்புத் தண்ணீர் முத்தாகவே காய்கிறது. கோட்டிங் அடித்த காரில் உப்புக் கறை குறையும் என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள்.

அப்படியானால் 18,000 ரூபாய் எதற்கு? பெரும்பகுதி, பாட்டிலைத் திறப்பதற்கு முன் நடக்கும் வேலைக்கு. கழுவி, களிமண் போன்ற பட்டையால் ஒட்டிய துகள்களை எடுத்து, ஒவ்வொரு பேனலின் பெயிண்ட் கனத்தையும் மீட்டரில் அளந்து, ரப்பர் ஓரங்களுக்கு டேப் ஒட்டி, கம்பவுண்டும் மெஷினும் கொண்டு கீறல் நீக்கி, ஆல்கஹால் கலவையால் பாலிஷ் எண்ணெயைத் துடைத்து, அதன்பின் பூசுகிறார்கள். மெஷின் வேலை மட்டும் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். கீறலை நீக்குவது என்றால் கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டையே சீவி எடுப்பது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும், திரும்ப வராது. மீட்டர் வைத்துப் பார்க்காமல் கம்பவுண்ட் போடும் கடையில் பழைய காரை விடக்கூடாது. கோட்டிங் முடிந்த அன்று கண்ணைப் பறிக்கும் பளபளப்பில் பெரும்பங்கு பாலிஷுடையது. அந்தப் பளபளப்பு மட்டும் போதும் என்பவர், பாலிஷும் சீலன்டும் போட்டு 4,000, 5,000 ரூபாயில் முடித்துக்கொள்ளலாம்.

ஒரு காரை எடுத்து இரண்டு ஆண்டுக் கணக்குப் பார்ப்போம். கருநீல ஹேட்ச்பேக், மூன்று வயது, தென்காசியில் தெருவில் நிற்பது, சீசனில் விருந்தினரை ஏற்றிக்கொண்டு குற்றாலம் போய்வருவது. விலைகள் மேலே சொன்ன வீச்சின் நடுவிலிருந்து எடுத்தவை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 800 ரூபாய்க்கு மெழுகு என்றால் 24 மாதத்தில் 9,600 ரூபாய், மாதம் 400. நாலு மாதத்துக்கு ஒருமுறை 1,500 ரூபாய்க்கு சீலன்ட் என்றால் 9,000, மாதம் 375. டெஃப்லான் 4,500 ரூபாய், ஆறு மாதம் தாங்கினால் மாதம் 750. செராமிக் 18,000, இடையே ஒருமுறை பராமரிப்புக்கு இன்னொரு 2,000, ஆக மாதம் 830 சொச்சம். அதே செராமிக் காரைச் சோப்பு ஆயிலும் பனியன் வேஸ்டும் கொண்டு கழுவி, உப்புத் தண்ணீரைத் துடைக்காமல் விட்டு, பத்து மாதத்தில் அதன் குணம் போய்விட்டால் மாதம் 1,800.

பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம் என்ற ஒன்றும் உண்டு. 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள பாலியூரித்தேன் தாள். ஜல்லி தெறிப்பதை உண்மையில் தடுப்பது இது ஒன்றுதான், காரணம் கனம். முழுக் காருக்கு ஒட்ட 60,000-இலிருந்து ஒன்றரை லட்சம் வரை ஆகும், மூன்று நான்கு நாள் வேலை. ஆனால் லாரிக்குப் பின்னால் போகிற காரில் அடிபடுவது முன் பம்பர், பானெட், பக்கக் கண்ணாடிகள், கதவுக்கு முன்னுள்ள ஓரம், அவ்வளவுதான். அங்கே மட்டும் ஒட்ட 25,000 ரூபாய் ஆனால், ஐந்து ஆண்டு ஆயுளில் மாதம் 417 ரூபாய்க்குள் அடங்கும். தினமும் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு என்று ஓடும் காருக்கு, உடம்பு முழுக்க செராமிக் அடிப்பதைவிட முன்பக்கம் ஃபிலிமும் மற்ற இடங்களில் சீலன்டும் பொருத்தமான சேர்க்கை. ஊருக்குள் மட்டும் ஓடி, கூரையுள்ள இடத்தில் நிற்கும் காருக்கு ஃபிலிம் தேவையில்லை.

கோட்டிங் போய்விட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்துபார்க்க வேண்டும். தண்ணீர் முத்தாகாமல் தட்டையாகப் பரவினால் பலரும் கோட்டிங் செத்துவிட்டது என்று மறுபடி அடிக்கக் கொடுக்கிறார்கள். போர் தண்ணீரின் சுண்ணாம்பு ஒரு மெல்லிய ஓடாகக் கோட்டிங்கின்மேல் படிந்தாலும் இதே அறிகுறிதான் வரும். தண்ணீர் அப்போது தொடுவது சுண்ணாம்பை, கோட்டிங்கை அல்ல. லேசான அமிலத்தன்மையுள்ள ஷாம்புவால் பானெட்டில் ஒரு முழ அளவு மட்டும் கழுவி, அலசிவிட்டு, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் முத்து திரும்பினால் அடியில் கோட்டிங் நன்றாக இருக்கிறது. சில நூறு ரூபாயில் முடிகிற வேலைக்கு 18,000 கொடுக்க வேண்டியதில்லை.

எப்போது செய்வது என்பதும் விலையின் ஒரு பகுதியே. செராமிக் இறுக ஈரம் வேண்டும், ஆனால் அளவாக வேண்டும். சீசன் ஈரத்தில் திறந்த கொட்டகையில் பூசினால், துடைப்பதற்குள் ஆங்காங்கே இறுகிக் கறுத்த திட்டுகளாக நின்றுவிடும். அதை எடுக்க மறுபடி பாலிஷ், மறுபடி சில மைக்ரான். பூசியபின் முதல் ஒரு நாள் தண்ணீரே படக்கூடாது, முழுவதும் இறுக ஒரு வாரம் ஷாம்பு கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு சாரல் விழும் ஊரில் ஆனியிலும் ஆடியிலும் இதை எப்படிக் கடைப்பிடிப்பது? மாசி, பங்குனியில் காற்று வறண்டிருக்கும், கடைகளிலும் கூட்டம் குறைவு, ஆளுக்கு அவசரமில்லாமல் இரண்டு நாள் கிடைக்கும். கோட்டிங்குக்கு அதுவே காலம். உள்பக்க ஆழச் சுத்தத்தை ஆவணி கடைசியில், சீசன் விருந்தினர் எல்லாம் போனபின், ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் செய்துவிட வேண்டும். எண்ணெய் பிசினாகும் முன் வெளியே வந்துவிடும், சீட் காய வெயிலும் இருக்கும்.